விசிலுக்குப் பிறகு எழுதும் பக்கம்: குடிசன் பார்க்கின் கடைசி டெர்பி

2025 பிப்ரவரி 12, புதன்கிழமை இரவு, எவர்ட்டனின் குடிசன் பார்க் மைதானம். ஒரே நகரத்தின் இரு கால்பந்து அணிகள் மோதும் டெர்பியில் எவர்ட்டன் 2, லிவர்பூல் 2. ஸ்கோரை மட்டும் பார்த்தால் சாதாரண சமநிலை ஆட்டம். ஆனால் இறுதி விசிலுக்குப் பிறகு நடுவர் மைக்கேல் ஆலிவர் நான்கு பேருக்குச் சிவப்பு அட்டை காட்டினார். இரண்டு பேர் வீரர்கள். மற்ற இருவர் லிவர்பூலின் தலைமைப் பயிற்சியாளரும் அவருடைய துணையாளரும். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவர்கூட வெளியேற்றப்படவில்லை.

ஒரு நடுவர் அன்றிரவு என்ன எழுத வேண்டியிருக்கிறது, அந்த எழுத்து எங்கே போகிறது, எது அதில் இருக்கவே கூடாது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். கடினமான முடிவுகளும் எல்லைக்கோட்டிலிருந்து வரும் வசவும் ஒரே இரவில் வந்து சேரும்போது, பெரும்பாலான நடுவர்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிடுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. பக்கங்கள் இரண்டு. ஒன்று அறிக்கை, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போவது. மற்றது நாட்குறிப்பு, நடுவரிடமே இருப்பது. குடிசன் பார்க் ஆட்டத்தில் இந்த இரண்டுக்கும் இடையிலான கோடு தெளிவாகத் தெரிகிறது.

முதலில் களத்தின் சூடு. இந்த ஆட்டம் 2024 டிசம்பர் 7 அன்று நடந்திருக்க வேண்டும். டாரா புயல் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டது. எவர்ட்டன் 1892 முதல் ஆடிவந்த மைதானத்தைவிட்டு அந்த சீசனோடு வெளியேறவிருந்ததால், அது ஆண்கள் அணிகள் அங்கு ஆடும் கடைசி மெர்சிசைட் டெர்பி. அங்கு நடக்கும் 120-வது டெர்பியும் அதுவே. லிவர்பூல் லீக் பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆலிவருக்குத் தனியாக ஒரு சுமையும் இருந்தது. ஜனவரி 25 அன்று உல்வ்ஸ்-ஆர்சனல் ஆட்டத்தில் அவர் காட்டிய ஒரு சிவப்பு அட்டை பின்னர் ரத்தானது. அதையொட்டி அவருக்கு மிரட்டல்கள் வந்தன. மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் இந்த ஆட்டம் அவர் கைக்கு வந்தது.

பெட்டோ 11-வது நிமிடத்தில் எவர்ட்டனுக்குக் கோல் போட்டார். 16-வது நிமிடத்தில் மக்அலிஸ்டர் சமன் செய்தார். 73-வது நிமிடத்தில் சலா லிவர்பூலை முன்னிலைக்குக் கொண்டுபோனார். நான்காவது நடுவரின் பலகை ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்தைக் காட்டியது. எவர்ட்டன் கேப்டன் டார்கோவ்ஸ்கியின் சமநிலை கோல் 98-வது நிமிடத்தில் வந்தது.

இங்கே முதல் கடினமான முடிவு. ஐந்து என்று காட்டிவிட்டு எட்டுவரை எப்படிப் போகலாம் என்று கேட்காத லிவர்பூல் ரசிகர் அன்றிரவு இருந்திருக்க மாட்டார். கால்பந்து விதிப் புத்தகத்தின் விதி 7 இதில் குழப்பம் வைக்கவில்லை. பலகையில் காட்டப்படும் எண் குறைந்தபட்சம். நடுவர் அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது. கூடுதல் நேரத்துக்குள்ளேயே காயம், ஆள் மாற்றம், தள்ளுமுள்ளு, அட்டை என்று நேரம் போனால் அதையும் சேர்க்க வேண்டும். ஆகவே ‘ஐந்து’ என்பது ‘ஐந்துக்குக் குறையாது’ என்று நடுவர் கொடுக்கும் வாக்கு. அதை ரசிகர்கள் ‘ஐந்தோடு சரி’ என்று படிக்கிறார்கள்.

இந்த முடிவு நாட்குறிப்பில் எப்படி வர வேண்டும்? ‘நேரம் சரியாகத்தான் கொடுத்தேன்’ என்று எழுதினால் அது தற்காப்பு. எதில் எவ்வளவு நேரம் போனது என்று எழுதினால்தான் பதிவு. பழகிய நடுவர்கள் இரண்டு கடிகாரம் கட்டுவது இதற்காகத்தான். ஒன்று நிற்காமல் ஓடும். மற்றொன்றை ஆட்டம் தடைபடும்போதெல்லாம் நிறுத்துவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் போன நேரத்தைச் சொல்லிவிடும். ஒற்றைக் கடிகாரத்தோடு போகும் உள்ளூர் நடுவர் அட்டைக் குறிப்பின் ஓரத்தில் ‘காயம், எண் 6, 2 நிமிடம்’ என்று கிறுக்கிவைத்தால் போதும். அந்தக் கிறுக்கல் இல்லாதவருக்கு, ஆட்டம் முடிந்து பயிற்சியாளர் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது. இன்னொன்று: கூடுதல் நேரம் காணொளி உதவி நடுவரான வி.ஏ.ஆர். பார்க்கும் விஷயம் அல்ல. அதில் நடுவர் தனியாக நிற்கிறார்.

இரண்டாவது கடினமான முடிவு அந்தக் கோலேதான். களத்தில் கோல் கொடுக்கப்பட்டது. வி.ஏ.ஆர். அறையில் இருந்த கிறிஸ் கவனா ஆஃப்சைடையும், அதற்கு முன் பெட்டோ லிவர்பூலின் கொனாட்டேயைத் தள்ளினாரா என்பதையும் பார்த்தார். பார்த்து முடிக்க நேரம் பிடித்தது. கோல் நின்றது. தொடுதல் இருந்ததா என்றால், இருந்தது. ஃபவுலா என்பது வேறு கேள்வி. எதிராளியைத் தள்ளுவது, அது கவனக்குறைவாகவோ அதற்கு மேலாகவோ நடுவருக்குப் பட்டால், நேரடி ஃப்ரீ கிக். அந்தத் தொடுதல் அந்த அளவுக்குப் போனதா, கொனாட்டே பந்தை ஆடுவதை அது தடுத்ததா என்று நடுவர் எடைபோட வேண்டும். களத்தில் எடுத்த முடிவு தெளிவான, வெளிப்படையான பிழையாக இருந்தால்தான் வி.ஏ.ஆர். தலையிடும். ‘நானாக இருந்தால் ஃபவுல் கொடுத்திருப்பேன்’ என்று திரைக்கு முன்னால் இருப்பவர் நினைத்தாலும், களத்தில் எடுத்த முடிவுக்கு நியாயம் இருக்குமானால் அது நிற்கும்.

இதை நாட்குறிப்பில் எழுதுவது சற்றே வேறு வேலை. கோல் சரியா தப்பா என்ற தீர்ப்பு அடுத்த ஆட்டத்துக்கு உதவாது. உதவுவது நடுவர் எங்கே நின்றார், எந்தக் கோணத்தில் பார்த்தார், இரண்டு வீரர்களுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்ததா, கைகள் தெரிந்தனவா, முதுகு மட்டும் தெரிந்ததா என்பவை. கடைசி நிமிடங்களில் பெட்டிக்குள் பந்து உயரமாகத் தூக்கிப் போடப்படும்போது நடுவரின் கண் பந்தோடு போய்விடுவது இயல்பு. தள்ளுவதும் இழுப்பதும் பந்து காற்றில் இருக்கும்போதுதான் நடக்கும். ‘பந்தைப் பார்த்தேன், ஆட்களைப் பார்க்கவில்லை’ என்று தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நடுவர், அடுத்த வாரம் பந்து காலைவிட்டுக் கிளம்பியதுமே கண்ணை இறங்கும் இடத்துக்கு நகர்த்துவார்.

இந்த வகைக் குறிப்பு அறிக்கைக்குள் போகக் கூடாது. சந்தேகம், மறுயோசனை, ‘இன்னொரு கோணத்தில் பார்த்திருந்தால்’ போன்றவை நாட்குறிப்புக்கு உயிர். அறிக்கையில் அவை வந்தால், வசைபாடியவரின் வழக்கறிஞருக்கு இலவசமாகக் கிடைத்த வாதம். கோல் தப்பாகவே இருந்தாலும் வசவுக்கு அது அனுமதி ஆகாது. ஆகவே கோலைப் பற்றிய மனத்தாங்கலுக்கும் வசவைப் பற்றிய பதிவுக்கும் இரண்டு தாள் வேண்டும்.

இனி இறுதி விசில். எவர்ட்டனின் டூகூரே லிவர்பூல் ரசிகர்கள் இருந்த பக்கமாக ஓடி அவர்கள் முன்னால் கொண்டாடினார். லிவர்பூலின் கர்ட்டிஸ் ஜோன்ஸ் அவரை நோக்கிப் பாய்ந்தார். இரு அணி வீரர்களும் மொய்த்தார்கள். காவலர்களும் பணியாளர்களும் உள்ளே வந்தார்கள். ஆலிவர் இருவருக்கும் இரண்டாவது மஞ்சளும் சிவப்பும் காட்டினார்.

ஆட்டம் முடிந்துவிட்டதே, அட்டை எப்படிச் செல்லும் என்று பலர் கேட்டார்கள். விதி 5-ன்படி, நடுவரின் ஒழுங்கு அதிகாரம் ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சோதிக்க உள்ளே நுழையும்போதே தொடங்கி, ஆட்டம் முடிந்து அவர் மைதானத்தைவிட்டு வெளியேறும்வரை நீடிக்கிறது. விசில் ஆட்டத்தை முடிக்கிறது, அதிகாரத்தை முடிப்பதில்லை. மைதானத்தைவிட்டு வெளியே வந்தபின், சுரங்கப் பாதையிலோ அறைவாசலிலோ நடப்பதற்கு அட்டை காட்ட முடியாது. எழுதித்தான் அனுப்ப வேண்டும். அந்த எல்லையைக் கடந்தது எப்போது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டிய ஒரு வரி.

டூகூரேவுக்கு எந்தத் தலைப்பில் மஞ்சள்? ரசிகர்களை உசுப்பேற்றும், எள்ளி நகையாடும் விதமான கொண்டாட்டம் எச்சரிக்கைக்கு உரியது. ‘கொண்டாடினார்’ என்று எழுதினால் போதாது. எந்தப் பக்கம் ஓடினார், எந்த ரசிகர்கள் முன் நின்றார், என்ன சைகை, அதனால் என்ன நடந்தது என்று எழுதினால்தான் மஞ்சளுக்குக் காரணம் தெரியும். ஜோன்ஸ் செய்தது வன்முறை என்று நடுவர் கண்டிருந்தால் நேரடிச் சிவப்பு, மூன்று ஆட்டத் தடை. இரண்டாவது மஞ்சள் என்பதால் தடை ஓர் ஆட்டத்தோடு நின்றது. அறிக்கைப் படிவத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு: இங்கிலாந்தில் வன்முறை நடத்தை எஸ்2, இரண்டாவது எச்சரிக்கை எஸ்7. சூட்டில் ஒன்றை மாற்றி எழுதிவிட்டால் ஒரு வீரர் இரண்டு ஆட்டம் கூடுதலாக உட்கார வேண்டியிருக்கும். அந்த சீசனில் இரண்டாவது மஞ்சளை வி.ஏ.ஆர். பார்க்கவும் முடியாது. வி.ஏ.ஆர். அப்போது பார்த்தது கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கை மட்டுமே.

அடுத்து வந்தவர் ஆர்னே ஸ்லாட். லிவர்பூல் பயிற்சியாளர் நடுவருக்குக் கைகொடுத்தார், கையை விடாமல் ஏதோ சொன்னார், சிவப்பு அட்டை வந்தது. அவருடைய துணையாளர் சிப்கே ஹுல்ஸ்ஹாஃபுக்கும் சிவப்பு. டி.வி.யில் பார்த்தவர்களுக்குக் கைகுலுக்கல் மட்டுமே தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. அன்றிரவு ஸ்லாட் செய்தியாளர்களையும் சந்திக்கவில்லை. அந்த வார்த்தை இருந்த ஒரே இடம் நடுவரின் அறிக்கை. பிறகு ஒழுங்கு ஆணையம் தன் காரணங்களை வெளியிட்டபோதுதான் அது வெளியே வந்தது: லீக்கை ஜெயிக்காவிட்டால் உன்னைத்தான் குற்றம் சொல்வேன் என்ற பொருளில், நடுவில் ஓர் ஆங்கிலக் கெட்ட வார்த்தையோடு.

அந்த வாக்கியத்தைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். அதில் நடுவரைப் பெயர் சொல்லித் திட்டவில்லை. கெட்ட வார்த்தை இருந்தாலும் இங்கிலாந்து மைதானங்களில் அந்த வார்த்தை தனியாகச் சிவப்பு அட்டை வாங்கித் தருவதில்லை. தன் ஷாட் வெளியே போனதற்கு வீரன் தன்னையே நொந்து அதைச் சொன்னால் யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே எடை கூடியதற்குக் காரணம் இலக்கு. அது ஒரு நபரை நோக்கிச் சொல்லப்பட்டது, முகத்துக்கு நேரே, கையைப் பிடித்துக்கொண்டு. பட்டமே உன்னால் போகும் என்று பழி சுமத்துவது. யாரை நோக்கி, எவ்வளவு அருகில், எந்தத் தொனியில், எத்தனை பேர் பார்க்க என்ற நான்கும்தான் முணுமுணுப்பையும் வசவையும் பிரிக்கின்றன. வெறும் எதிர்ப்பென்றால் மஞ்சள். புண்படுத்துவதோ அவமதிப்பதோ வசைபாடுவதோ என்றால் சிவப்பு, இங்கிலாந்துப் படிவத்தில் எஸ்6. 2019-20 சீசனிலிருந்து பயிற்சியாளர்களுக்கும் அட்டையாகவே காட்டலாம். அதற்கு முன் ‘வெளியே போங்கள்’ என்று வாய்மொழியாக அனுப்புவார்கள். பார்ப்பவர்களுக்கு எச்சரித்தாரா அனுப்பினாரா என்றே தெரியாது.

இந்த இடத்தில் அறிக்கை எழுதும் நடுவர்கள் அடிக்கடி செய்யும் பிழை மூன்று. முதலாவது, வார்த்தையை மூடிப் போர்த்துவது. ‘தகாத சொற்களைப் பயன்படுத்தினார்’ என்று எழுதுவது நாகரிகம் என்று நினைக்கிறார்கள். ஆணையத்துக்கு அது பயனற்றது. எந்தச் சொல் என்று தெரியாமல் அது எதிர்ப்பா வசவா என்று எடைபோட முடியாது. கேட்டது கேட்டபடி, கெட்ட வார்த்தையோடு, மேற்கோள் குறிக்குள் வர வேண்டும். பாதிதான் கேட்டது என்றால் ‘இதற்குப் பிறகு சத்தத்தில் கேட்கவில்லை’ என்றே எழுதலாம். அது அறிக்கையை வலுவாக்குமே தவிர பலவீனமாக்காது.

இரண்டாவது, எண்ணத்தை எழுதுவது. ‘என்னை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வந்தார்’ என்பதை நடுவரால் காண முடியாது. கண்டது: டக்அவுட்டிலிருந்து எவ்வளவு தூரம் நடந்து வந்தார், கை எங்கே இருந்தது, யாராவது இழுத்துப் பிடித்தார்களா. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பூங்கா ஆட்டத்துக்கான மாதிரி வரிகள். முதல் வடிவம்: ‘ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் மிகுந்த கோபத்துடன் வந்து மிரட்டும் தொனியில் கேவலமாகப் பேசினார்.’ இரண்டாவது வடிவம்: ‘இறுதி விசிலுக்குப் பின், மைய வட்டத்தில் நின்றேன். நீல அணிப் பயிற்சியாளர் தன் பகுதியிலிருந்து நேராக நடந்து வந்து ஒரு கை தூரத்தில் நின்று, வலது சுட்டுவிரலை என் மார்புக்கு நேராக நீட்டி, “எவ்வளவு வாங்கினடா?” என்றார். சிவப்பு அட்டை காட்டினேன். அவர் நகரவில்லை. அதையே இரண்டு முறை சொன்னார். அணியின் கேப்டன் தோளைப் பிடித்து அழைத்துப் போனார். நான் அப்போதும் மைதானத்துக்குள்தான் இருந்தேன்.’ இரண்டாவதில் ‘கோபம்’ என்ற சொல்லே இல்லை. படிப்பவருக்கு அது தேவையும் இல்லை.

மூன்றாவது பிழை, கூடி எழுதுவது. நடுவரும் இரண்டு உதவி நடுவர்களும் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே வாசகத்தைப் பேசி முடிவு செய்து மூன்று தாளில் எழுதினால், விசாரணையில் அது ஒரு சாட்சியாகக்கூட நிற்காது. ஒவ்வொருவரும் தான் நின்ற இடத்திலிருந்து தனக்குக் கேட்டதை மட்டும் எழுத வேண்டும். ஒருவருக்குக் கேட்டது மற்றவருக்குக் கேட்காமல் போவது இயல்பு. ஒரே மாதிரியான மூன்று அறிக்கைகளைவிட, சிறு வித்தியாசங்களோடு ஒரே மையத்தைச் சொல்லும் மூன்று அறிக்கைகளைத்தான் விசாரணையாளர்கள் நம்புவார்கள்.

எழுதும் வரிசையும் முக்கியம். அறைக்கு வந்ததும் முதலில் வார்த்தைகள், அதாவது மேற்கோளுக்குள் போக வேண்டியவை. நினைவில் முதலில் கரைவது அவைதான். மறுநாள் காலை ‘கிட்டத்தட்ட இப்படித்தான் சொன்னார்’ என்றாகிவிடும். அடுத்து வரிசை: யார் முதலில், யார் பிறகு, எந்த அட்டை எப்போது. இடமும் தூரமும் அதற்குப் பிறகு. குறியீடுகளைக் கடைசியில் நிரப்பலாம், அவற்றை விதிப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். பிரீமியர் லீக்கில் பயிற்சியாளர் நடுவர் அறைக்கு வர ஆட்டம் முடிந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. அவர்களின் சூடு ஆறுவதற்காக வைத்த ஏற்பாடு என்றாலும், நடுவருக்கு அது எழுதக் கிடைத்த அரை மணி நேரம். உள்ளூர் ஆட்டத்தில் அறையே இருக்காது. காரின் கதவைச் சாத்திக்கொண்டு, மைதானத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி நிறுத்தி எழுத வேண்டியதுதான். கைபேசியில் குரலாகப் பதிந்துகொள்வதும் உண்டு.

அறிக்கை போய்ச் சேரும் முன்னே விவரம் வெளியானால் என்ன ஆகும் என்பதையும் இதே வழக்கு காட்டியது. ஸ்லாட்டின் சிவப்பு அட்டைக்கான காரணமும் இரண்டு ஆட்டத் தடையும் ஏற்கனவே முடிவானதுபோல லீக்கின் இணையதளத்தில் வந்தன. பிறகு அவை நீக்கப்பட்டன. நடைமுறை அப்படி இல்லை. நடுவரின் அறிக்கை, அதன் மேல் கால்பந்துச் சங்கத்தின் குற்றச்சாட்டு, மறுதரப்பின் பதில், பிறகு ஆணையம் என்று படிப்படியாகப் போக வேண்டும். அதனால்தான் ஸ்லாட் அடுத்த சில லீக் ஆட்டங்களில் வழக்கம்போல எல்லைக்கோட்டில் நின்றார். தண்டனை பிப்ரவரி இறுதியில் வந்தது: அவருக்கு இரண்டு ஆட்டத் தடையும் 70,000 பவுண்டு அபராதமும், ஹுல்ஸ்ஹாஃபுக்கு இரண்டு ஆட்டத் தடையும் 7,000 பவுண்டும். வீரர்களின் கைகலப்புக்காக எவர்ட்டனுக்கு 65,000, லிவர்பூலுக்கு 50,000 பவுண்டு. நியூகாசில், சவுத்தாம்ப்டன் ஆட்டங்களில் ஸ்லாட் எல்லைக்கோட்டில் இல்லை. ஒரு கைகுலுக்கலில் சொன்ன ஒரே வாக்கியத்துக்கு எழுபதாயிரம் பவுண்டு என்பது, எழுதப்பட்ட வார்த்தையின் எடை.

அதே மைதானத்தில் இன்னொரு டெர்பியையும் இங்கே நினைக்க வேண்டும், ஏனென்றால் அது நாட்குறிப்புப் பக்கத்தின் கதை. 2007 அக்டோபர் 20. நடுவர் மார்க் கிளாட்டன்பர்க். லிவர்பூலின் ஜெரார்டை வீழ்த்திய எவர்ட்டனின் ஹிப்பர்ட்டுக்கு அவர் மஞ்சள் எடுக்கப் போனதுபோலத் தெரிந்தது. ஜெரார்டு ஏதோ சொன்னார். வந்தது சிவப்பு. பிறகு இரு கால்களையும் தூக்கி எவர்ட்டனின் நெவில் மேல் பாய்ந்த லிவர்பூலின் கய்ட்டுக்கு மஞ்சள் மட்டும். ஆட்டத்தின் இறுதியில் லிவர்பூலின் கேரகர் எவர்ட்டனின் லெஸ்காட்டைப் பிடித்து இழுத்தபோது பெனால்டி இல்லை. லிவர்பூல் இரண்டு பெனால்டிகளால் 2-1 என்று வென்றது. அதன்பின் பல ஆண்டுகள் கிளாட்டன்பர்க் எவர்ட்டன் ஆட்டங்களுக்கு அனுப்பப்படவில்லை. அந்தச் சிவப்பு விதிப்படி சரியாகவே இருந்திருக்கலாம். கெட்டது தோற்றம். வீரர் பேசிய உடனே அட்டையின் நிறம் மாறினால், அவர் சொல்லித்தான் மாறியது என்றே எல்லாரும் படிப்பார்கள். அட்டை எடுக்கக் கை பைக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். முடிவாகவில்லை என்றால் வீரர்களை விலக்கிவிட்டு, உதவி நடுவரிடம் பேசிவிட்டுக் கையைக் கொண்டுபோக வேண்டும். 2024 முதல், கேப்டன் மட்டுமே நடுவரிடம் வந்து பேசலாம் என்ற முறையைக் கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பு வழிகாட்டுதலாக வைத்திருப்பதும் இந்தத் தோற்றத்தைக் காக்கத்தான்.

இதுவரை சொன்னது நான்காவது நடுவரும் கேமராவும் காவலரும் இருக்கும் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து ஊர்கள் மோதும் பூங்கா டெர்பியில் நடுவர் தனியாள். வசவு டக்அவுட்டிலிருந்து வருவதைவிடக் கோட்டோரத்தில் நிற்கும் அப்பாக்களிடமிருந்தும் அண்ணன்களிடமிருந்தும்தான் அதிகம் வரும். பார்வையாளருக்கு அட்டை காட்ட முடியாது. யார் என்றும் தெரியாது. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் உண்மையில்லை. டெக்னிகல் ஏரியாவிலிருந்து குரல் வந்து, சொன்னவர் யார் என்று அடையாளம் காண முடியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த பயிற்சியாளருக்கே அட்டை போகும் என்று விதியே சொல்கிறது. பார்வையாளர் என்றால் வழி வேறு. ஆட்டம் இயல்பாக நிற்கும் தருணத்தில், அதாவது த்ரோவோ கோல் கிக்கோ வரும்போது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அணியின் பொறுப்பாளரை அழைத்து ஆளைச் சுட்டிக்காட்ட வேண்டும். சட்டை நிறத்தைச் சொன்னால் போதும். அவரை அனுப்புவது பொறுப்பாளரின் வேலை. நடுவர் நேரே போய்ப் பார்வையாளரோடு வாதாடினால் அங்கேயே தோற்றுவிட்டார். அனுப்பவில்லை, வசவும் நிற்கவில்லை என்றால் அணிகளை நடுவட்டத்துக்கு அழைத்து ஆட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தலாம். அதற்கும் பிறகு தொடர்ந்தால் ஆட்டத்தைக் கைவிடலாம். ஒவ்வொரு படிக்கும் நேரம் எழுத வேண்டும். ‘23-வது நிமிடம் பொறுப்பாளரிடம் சொன்னேன், 31-ல் மறுபடி, 34-ல் நிறுத்தினேன்’ என்ற வரிசை இருந்தால், கைவிட்டது அவசரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீரர்களின் எதிர்ப்புக்கு இங்கிலாந்தின் கீழ்மட்ட ஆட்டங்களில் 2019-20 முதல் இன்னொரு கருவி இருக்கிறது. நடுவரை எதிர்த்துப் பேசி மஞ்சள் வாங்கினால் பத்து நிமிடம் வெளியே. எல்லா மஞ்சளுக்கும் இல்லை, எதிர்ப்புக்கு மட்டும். தன் அணி பத்து பேரோடு ஆடுவதைப் பத்து நிமிடம் நின்று பார்க்கும் வீரரிடம் சக வீரர்களே பேசிவிடுவார்கள். 2023 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோவில் தொடங்கி நடுவர் மார்பில் கேமரா மாட்டும் சோதனையும் வந்தது. அந்தக் காட்சி விசாரணையில் சான்றாகச் செல்லும். ஆனால் கேமரா நடுவருக்கு முன்னால் நடப்பதைத்தான் பிடிக்கும். முதுகுக்குப் பின்னால் கோட்டோரத்திலிருந்து வரும் குரலுக்கு முகம் இருக்காது. அங்கே பழைய பேனாதான்.

ஆட்டத்தைக் கைவிடும் நடுவர்கள் ஒன்றை மறந்துவிடுவதுண்டு: யாருக்கு வெற்றி என்று தீர்மானிப்பது அவர் வேலை இல்லை. 2012 டிசம்பர் 9, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று முன்னிலை. மோகன் பகானின் ஒடாஃபா நடுவரோடு மோதிச் சிவப்பு வாங்கினார். மாடத்திலிருந்து கல் பறந்தது, அதே அணியின் ரஹீம் நபி முகத்தில் அடிபட்டார். இடைவேளைக்குப் பின் மோகன் பகான் களத்துக்கு வரவில்லை. தண்டனை இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிடமிருந்து வந்தது: முதலில் ஐ-லீக்கில் இரண்டு ஆண்டுத் தடை, பின்னர் அது விலகி 2 கோடி ரூபாய் அபராதம். அப்படி ஓர் ஆட்டத்தில் நடுவர் எழுத வேண்டியது எந்த அணி எத்தனை மணிக்கு அழைக்கப்பட்டது, யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார் என்பதே. ‘இந்த அணி தோற்றதாக அறிவிக்கிறேன்’ என்ற வரி நடுவரின் பேனாவில் வரக் கூடாது.

மீண்டும் குடிசன் பார்க். அன்றிரவின் நாட்குறிப்புப் பக்கம் ஒரு நடுவருக்கு எப்படி இருக்கலாம்? பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கூடுதல் நேரத்தில் எந்தத் தடங்கலுக்கு எவ்வளவு சேர்த்தேன். கோலின்போது நின்ற இடம், கொனாட்டேயின் முதுகு தெரிந்ததா, பக்கம் தெரிந்ததா. விசில் ஊதும் நேரத்தில் நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்; எதிரணி ரசிகர் கூட்டத்தை நோக்கி ஒருவர் ஓடுவது எத்தனை விநாடி கழித்துக் கண்ணில் பட்டது. இந்தக் கடைசிக் கேள்விதான் டெர்பிக்கே உரியது. 98-வது நிமிடச் சமநிலைக்குப் பிறகு விசில் ஊதும்போது வெளியூர் ரசிகர் பக்கத்துக்கு அருகே ஓர் உதவி நடுவர் இருந்தால், இரண்டாவது மஞ்சளுக்கு முன்பே ஒரு விசிலும் ஒரு கையும் போதுமாக இருக்கலாம். கைகுலுக்கல் பற்றி இந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அது ஏற்கனவே மற்றத் தாளில், மேற்கோளுக்குள் இருக்கிறது.

2025 ஏப்ரல் 27 அன்று லிவர்பூல் டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று பட்டத்தை எடுத்தது. குற்றம் சொல்ல வேண்டிய அவசியம் ஸ்லாட்டுக்கு வரவில்லை.